ஃப்ரீ பிளானில் போட்ட ஆரி வேலை

என் கணவர் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நடந்ததெல்லாம் ஏதோ விவரம் தெரியாதவர்கள் வீட்டில் நடந்தது என்று நினைத்துக்கொள்வீர்கள். எங்கள் வீட்டில் விவரத்துக்குப் பஞ்சமே இல்லை. விவரம் யாருக்காகச் செலவாகிறது என்பதில்தான் வில்லங்கம்.

நாங்கள் தெற்கேயிருந்து வந்து காட்டுப்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கியவர்கள். ஹாலில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் என் ஆரிச் சட்டம் இருக்கிறது. துணியை நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் பட்டு நூலும் மணியும் கோத்துப் போடுகிற வேலை. பெரும்பாலும் கல்யாண ப்ளவுஸ்தான். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து என்னோடு வேலை செய்கிறவள் கரையான்சாவடிக்காரி. அவளுடைய தாத்தா காலத்தில் அவர்கள் நெல் போட்ட இடத்தில்தான் இப்போது பாதி கடைத்தெரு நிற்கிறது என்பாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். வாய் மட்டும் என்னைவிடப் பெரியது. நான் ப்ளவுஸின் கைப்பகுதி வேலையைத் தொடங்குவதற்குள் அவள் கழுத்துப்பகுதி வேலையை என் கண்முன்னே முடித்துவிடுவாள்.

வாட்ஸாப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் படம் அனுப்பிச் சலித்துப்போய், "எனக்குன்னு ஒரு வெப்சைட் இருந்தா நல்லாருக்கும்ங்க" என்று ஒரு நாள் சொன்னேன். அவர் அன்றே செய்து கொடுத்தார். அதற்கு நான் நன்றிகூடச் சொன்னேன். வெப்சைட் கட்டித் தருகிற நிறுவனங்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. பெட்டியை இழுத்து வைத்தால் பெட்டி நிற்கும், படத்தை இழுத்து வைத்தால் படம் நிற்கும். கணினிப் படிப்பெல்லாம் தேவையில்லை. அவருடைய அக்கவுண்ட்டில் உள்ளே போய், மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டு, "பாரு, பைசா செலவில்ல" என்று மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். மயில் வேலை போட்ட ப்ளவுஸ் திரை முழுக்க நின்றது. எனக்குக் கண் கலங்கியது உண்மை.

கலங்கிய கண்ணைத் துடைத்த பிறகுதான் மற்றது தெரிந்தது. மயிலின் தலைக்கு மேலே ஒரு பட்டை. இந்தத் தளம் எங்கள் நிறுவனத்தின் கருவியால் இலவசமாகச் செய்யப்பட்டது, நீங்களும் இன்றே உங்களுடையதைத் தொடங்குங்கள் என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு பொத்தான் வேறு. கீழே இறங்கினால் அதுவும் கூடவே இறங்கியது. எந்தப் பக்கத்துக்குப் போனாலும் எனக்கு முன்னால் அது போய் நின்றது.

"இது என்னங்க?"

"ஃப்ரீ பிளான்னா பேனர் வரும். அவன் சும்மா இடம் குடுக்குறான்ல, அதுக்கு விளம்பரம். கண்டுக்காத."

முகவரியையும் கண்டுகொள்ளக் கூடாது என்றார். இலவசத் திட்டத்தில் சொந்தப் பெயரில் முகவரி வைக்க முடியாது. அக்கவுண்ட்டின் பெயர் முதலில் வரும், அப்புறம் அந்த நிறுவனத்தின் பெயர், கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு நம் கடையின் பெயர். அக்கவுண்ட்டின் பெயர் அவர் கல்லூரிக் காலத்தில் வைத்துக்கொண்ட பட்டப்பெயர், பின்னால் அவர் பிறந்த வருஷம். ஆக, கல்யாணப் பெண்ணின் அம்மா என் ப்ளவுஸைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் என் கணவருடைய விடலைப் பருவத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். இந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடிக்க எனக்கு மனம் வரவில்லை. கார்டே அடிக்காமல் இருந்தேன்.

அந்தப் பட்டையைக் கண்டுகொள்ளாமல் இருக்க என்னால் முடிந்தாலும் மற்றவர்களால் முடியவில்லை. ஆவடியிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். மகள் கல்யாணத்துக்கு ப்ளவுஸ் வேண்டும்.

"உங்க சைட்டுக்குள்ள போனேன்மா. மேல இருந்த பட்டன அமுக்குனேன். பேரு கேட்டுச்சு, குடுத்தேன். மெயில் கேட்டுச்சு, குடுத்தேன். இப்ப எந்த மாதிரி வெப்சைட் வேணும்னு கேக்குது. எனக்கு ப்ளவுஸ்தானேமா வேணும்?"

பாவம், என்னிடம் ஆர்டர் கொடுக்க வந்தவர் சொந்தமாக ஒரு வெப்சைட்டுக்கு அக்கவுண்ட் தொடங்கிவிட்டார். கரையான்சாவடிக்காரி இதைக் கேட்டுச் சட்டத்தின் மேலேயே விழுந்து சிரித்தாள். அந்த அம்மா நல்ல மனுஷி, திரும்ப என்னையே கூப்பிட்டார். அமுக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிடாமல் போனவர்கள் எத்தனை பேரோ, அது யாருக்குத் தெரியும்.

இரவுச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன். அவரும் சிரித்தார்.

"பணம் கட்டுனா அந்தப் பட்டை போயிடுமாங்க?"

"போயிடும். சொந்தப் பேர்ல அட்ரஸ் கெடைக்கும், எடமும் கூடக் கெடைக்கும். ஆனா உனக்கு எதுக்கு இப்ப? பிஸினஸ் பிக்கப் ஆகட்டும், பாப்போம்."

பட்டை இருப்பதால் ஆள் வரவில்லை, ஆள் வராததால் பட்டையை எடுக்கக் கூடாது. இந்தக் கணக்கை அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே எவ்வளவு இயல்பாகச் சொன்னார் தெரியுமா? நான் ரசம் ஊற்றினேன்.

எங்கள் அடுக்ககத்தில் ஆண்கள் ஒரு கிரிக்கெட் அணி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் வெள்ளை உடுப்போடு கிளம்பி, மதியம் முட்டி வலியோடு திரும்புவார்கள். அணிக்கும் ஒரு வெப்சைட் உண்டு. லிப்டில் அதன் சுவரொட்டியை ஒட்டியிருந்தார்கள். சும்மா திறந்து பார்த்தேன். அதே நிறுவனத்தின் கருவியில், அதே மாதிரிப் பெட்டிகளோடு செய்தது. மேலே பட்டை இல்லை. முகவரியில் அணியின் பெயர் மட்டும் துடைத்து வைத்தாற்போல நின்றது. தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு நிற்கிற பதினோரு பேரின் படமும் கல்லில் செதுக்கியது போலத் தெளிவு.

"அது யாருங்க செஞ்சது?"

"நான்தான்."

"அதுல பேனர் இல்லையே?"

"அது பெய்டு. ஸ்பான்சர்ஸ் பாப்பாங்கல்ல, நீட்டா இருக்கணும்."

ஒளித்து மறைத்துச் சொல்லவில்லை. அதில் ஒளிக்க வேண்டியது எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அப்படியும் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ஒரே அக்கவுண்ட்தானே, அதுக்குக் கட்டுனது இதுக்கும் சேராதா?" சேராது என்றார். அக்கவுண்ட் ஒன்றாக இருந்தாலும் திட்டம் சைட்டுக்குச் சைட் தனி. கிரிக்கெட்டுக்குக் கட்டியது கிரிக்கெட்டோடு போயிற்று. எனக்கு வேண்டுமென்றால் தனியாகக் கட்ட வேண்டும். நான் சரியான கேள்வி கேட்டுவிட்டதுபோல அவர் முகத்தில் ஒரு மெச்சுதல்கூடத் தெரிந்தது.

இந்த நிலையில்தான் பூந்தமல்லிக் கடை வந்தது. பிரதான சாலையில் பெரிய பட்டுப்புடவைக் கடை. அதன் முதலாளியம்மா எங்கள் வாடிக்கையாளர் ஒருத்தியின் கல்யாணத்தில் என் ப்ளவுஸைப் பார்த்துவிட்டு ஆள் விட்டிருந்தார். கடையில் முகூர்த்தப் புடவை எடுக்கிற பெண்களுக்கு ப்ளவுஸ் வேலையும் அங்கேயே பேசி முடித்துத் தர நினைக்கிறார்கள். புடவை எடுத்த கையோடு பெண் ஃபோனில் படங்களைப் பார்த்து இந்த டிசைன் என்று தொடுவாள், வேலை எங்களுக்கு வரும். "லிங்க் அனுப்புமா. அத வெச்சுத்தான் நம்ம பொண்ணுங்களுக்குக் காமிக்கணும்" என்றார்.

இது கிடைத்தால் ஹாலில் இன்னொரு சட்டம் போடலாம், இரண்டு பெண்களை வேலைக்கு வைக்கலாம் என்று நானும் கரையான்சாவடிக்காரியும் ஊசியைக்கூடத் தொடாமல் ஒரு முழு மதியம் பேசினோம். அவளுக்கு மாமியார் வீட்டில் மதிப்பு வரும். எனக்கு, இது பொழுதுபோக்கு இல்லை, தொழில் என்று என் வீட்டில் ஒருவருக்குப் புரியும். வேறு எதையும்விட எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

புதிதாக முடித்த ப்ளவுஸ்களைப் படம் எடுத்து ஏற்றினேன். ஏறவில்லை. இடம் தீர்ந்துவிட்டது என்றது. இலவசத் திட்டத்தில் கொடுக்கிற இடம் கொஞ்சம்தான். இப்போதைய ஃபோனில் எடுக்கிற ஒவ்வொரு படமும் கனமானது. ஒரு ப்ளவுஸுக்கு முதுகு, கழுத்து, இரண்டு கை, கிட்டத்தில் ஒன்று என்று எடுத்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அந்த நிமிஷம்தான் பணம் கட்டியிருக்க வேண்டிய நிமிஷம். நான் கேட்கவும் கேட்டேன்.

"அதுக்கெல்லாம் கட்டணுமா? நான் பாத்துக்கிறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். எல்லாப் படங்களையும் இறக்கி, சுருக்குகிற ஒரு செயலியில் போட்டு, ஒவ்வொன்றையும் கைக்குட்டை அளவுக்கு ஆக்கி மறுபடி ஏற்றினார். பெரிய படங்களை அழித்தார். அழித்தும் இடம் காட்டுகிற கோடு குறையவில்லை. ஏனென்றால் அழித்தவை சைட்டின் குப்பைக் கூடைக்குப் போய் அங்கேயும் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். கூடையைக் காலி செய்தால்தான் கணக்கு குறையும். இனி திரும்ப எடுக்க முடியாது, சம்மதமா என்று அது கேட்டது. சம்மதம் என்று தட்டினார். கோடு சரசரவென்று இறங்கியது. ஜெயித்த முகத்தோடு, "பாத்தியா, இன்னும் பல மடங்கு போடலாம்" என்றார். ஃபோனிலும் இடமில்லை என்று மாதாமாதம் துடைத்துவிடுவது எங்கள் வழக்கம். சைட்டில்தான் இருக்கிறதே என்ற தைரியம். சுருக்கி முடித்ததும் இறக்கிய பெரிய படங்களையும் மடிக்கணினியிலிருந்து அவரே நீக்கிவிட்டார். சுத்தம் பார்க்கிற மனுஷர்.

மறுநாள் கரையான்சாவடிக்காரி வந்து என் ஃபோனை வாங்கிப் பார்த்தாள்.

"யக்கா, இன்னா இது? நம்ப போட்ட வேலையா இது? மிஷின்ல அட்ச்சா மாரி கீது."

கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். ஆரி வேலையில் மணி ஒவ்வொன்றும் தனியாக நிற்கும். ஒரு முத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும், நூல் வளைகிற இடத்தில் ஒரு மினுக்கு இருக்கும். கைதான் போட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. அதெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, ஆறிப்போன கஞ்சிபோல இருந்தது. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி என்று சொல்லி மலிவு விலைக்கு விற்பார்களே, அதேதான். விரலால் பெரிதாக்கினால் இன்னும் கேவலம், கட்டம் கட்டமாக உடைந்தது.

அப்படியும் பூந்தமல்லிக் கடைக்குப் போனோம். ஒரு ப்ளவுஸைக் கையிலும் எடுத்துக்கொண்டு போனோம். முதலாளியம்மா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மருமகள் கையில் பெரிய திரை வைத்த டேப்லெட். கொண்டுபோன ப்ளவுஸைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். அசந்துதான் போனார்கள். அப்புறம் லிங்க்கைத் திறந்தார்கள். மருமகள் நேராகப் பட்டையை அமுக்கினாள். வெப்சைட் தொடங்க வாருங்கள் என்றது. திரும்பி வந்தாள். முகவரியைப் படித்துவிட்டு, "யாருங்க இவரு?" என்று என் கணவருடைய பட்டப்பெயரை உரக்கச் சொன்னாள். புடவை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

முதலாளியம்மா படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கெட்டவர் இல்லை. நிதானமாகத்தான் சொன்னார்.

"கைல இருக்கறது அருமையா கீதும்மா. ஆனா இங்க வர்ற பொண்ணு பாக்கப் போறது இதத்தானே? இது இன்னா, மேல விளம்பரம் ஓடுது, கீழ ஒண்ணும் புரியல. இவ்ளோ காசு வாங்கற வேலைக்கு, சைட்டு ஓசின்னு அதுவே எழுதிக்கினு கீது. எப்படிம்மா நம்புவாங்க?"

அந்த அம்மா பேசியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. சரி பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். வாம்மா என்றார்.

அன்று மாலை என் கணவர் வீட்டுக்கு வந்ததும் என் பேங்க் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "லாகின் பண்ணுங்க" என்றேன். என் குரலைக் கேட்டுவிட்டு மறுபேச்சில்லாமல் அக்கவுண்ட்டுக்குள் போனார். எந்தத் திட்டம் என்று நானே வரி வரியாகப் படித்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் படித்தேன். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது கடை நடத்துகிற திட்டம், சைட்டிலேயே பணம் வாங்கலாம். எனக்கு எதற்கு? அளவு எடுக்காமல் யாரும் ப்ளவுஸுக்குப் பணம் கட்டப் போவதில்லை. முன்பணம் ஃபோனிலேயே வந்துவிடுகிறது. பட்டை போக வேண்டும், சொந்தப் பெயர் வேண்டும், படங்களை முழு அளவில் வைக்க இடம் வேண்டும். இந்த மூன்றும் ஆகக் குறைந்த கட்டணத் திட்டத்திலேயே கிடைத்தன. முகவரிக்கு முதல் வருஷம் காசில்லை, அடுத்த வருஷத்திலிருந்து உண்டு. திட்டமும் முதல் வருஷம் தள்ளுபடி விலை, புதுப்பிக்கும்போது முழு விலை. பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதையும் படித்துவிட்டுத்தான் கட்டினேன்.

பணம் போன கையோடு பட்டை மறைந்தது. என் சொந்த முகவரி மறுநாளுக்குள் வேலை செய்ய ஆரம்பித்தது. இடம் காட்டுகிற கோடு அடிமட்டத்தில் கிடந்தது. ஆனால் படங்கள் அப்படியேதான் இருந்தன. சுருக்கியது சுருக்கியதுதான், எந்தத் திட்டமும் அதைத் திருப்பி விரித்துத் தராது. பெரிய அலமாரி வாங்கிவிட்டேன், உள்ளே அடுக்கத்தான் ஒன்றுமில்லை.

இப்போது யாராவது என்னிடம் எப்போது பணம் கட்டலாம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். காதுகுத்துக்கு அழைப்பு போடவா, பிள்ளையின் பள்ளிக்கூட வேலைக்கா, எப்படி இருக்கும் என்று பழகிப் பார்க்கவா? இலவசமே போதும், பட்டையைப் பார்த்து யாரும் காதுகுத்துக்கு வராமல் இருந்துவிட மாட்டார்கள். உன்னை அறியாத ஒருத்தி உன் பக்கத்தைப் பார்த்து, உன்னை நம்பிப் பணம் தரலாமா என்று முடிவு செய்யப் போகிறாளா? அப்படியென்றால் அவள் பார்ப்பதற்கு முன்னால் கட்டிவிடு. அவள் பார்த்த பிறகு கட்டுவது போன ஆளுக்குப் பின்னால் கதவுக்கு வண்ணம் அடிக்கிற வேலை.

படங்களுக்காக வீடு வீடாகப் போனோம். விற்ற ப்ளவுஸைக் கொஞ்ச நேரம் கொடுங்கள், படம் எடுத்துவிட்டுத் தருகிறோம் என்று கேட்பது எவ்வளவு கூச்சமான விஷயம் என்று எங்களைப்போல அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். மேனாம்பேட்டில் ஒரு பெண் பீரோவைத் திறந்து சந்தோஷமாகக் கொடுத்தாள், தானே உடுத்திக்கொண்டும் நின்றாள். ஒரு வீட்டில் மாமியார் சாவி என்னிடம் இல்லை என்று கதவருகிலேயே பேசி அனுப்பினார். இன்னொருத்தி, அந்தக் கல்யாணமே இல்லையென்று ஆகிவிட்டது, ப்ளவுஸை யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்றாள். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படியிறங்கினேன். என் மயில் கிடைக்கவே இல்லை. கிடைத்தவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுத்து, முழு அளவில் ஏற்றினோம். புதிதாகச் சிலவற்றையும் போட்டோம். முத்தின் சாய்வுகூடத் தெரிந்தது. "இப்ப சொல்லு, இது கைதான்னு எவனுக்கும் தெரியும்" என்றாள் அவள்.

மறுபடி பூந்தமல்லிக்குப் போனபோது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பொம்மை நின்றது. அதன் மேல் ப்ளவுஸ். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு யூனிட்டுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவர்களிடம் நல்ல சைட் இருந்ததாம், சீக்கிரமும் முடித்துத் தருகிறார்களாம். முகூர்த்த மாதம் வந்துவிட்டது, நாங்கள் எத்தனை நாள் காத்திருப்பது என்றார் முதலாளியம்மா. அதிலும் நியாயம் இருந்தது. எனக்குத்தான் எல்லாப் பக்கமும் நியாயமாக அமைகிறது.

மருமகள் என் புதிய சைட்டைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "அத்த, இதப் பாருங்களேன், ஒவ்வொரு மணியும் எண்ணலாம்போல கீது" என்றாள். அத்தை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு செய்யேன்மா. இந்த ஃபோட்டோவ மட்டும் எங்களுக்குக் குடேன். பொண்ணுங்களுக்குக் காமிக்க. எதனா குடுத்துடறேன்."

"காமிச்சுட்டு?"

"டிசைனு பாத்து அவங்க போட்டுக் குடுப்பாங்க."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. என் கூட வந்தவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"நல்லா கீதும்மா நியாயம்! வேலைய அவன்கிட்ட குடுத்துட்டு, மூஞ்சிய மட்டும் எங்களான்ட கேக்குறியா? எங்க கைய காட்டி அவன் மிஷின விப்பியா?"

நான் முடியாது என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் தெளிவாகச் சொன்னேன். எழுந்து வந்துவிட்டோம். ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அவள் திட்டிக்கொண்டே வந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. இவ்வளவு தூரம் வந்து, இல்லை என்று சொல்ல என்னிடம் ஏதோ ஒன்று இருந்ததே என்று ஒரு சின்னத் திமிர்கூட வந்தது. அந்தத் திமிரை நான் ரசித்தேன் என்றே சொல்ல வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் நான் சட்டத்தில் குனிந்திருந்தேன். கணவர் காபியோடு வந்து எதிரே உட்கார்ந்தார். உற்சாகமாக இருந்தார்.

"அந்தப் பூந்தமல்லிக் கடையிலேர்ந்து மெசேஜ் வந்துச்சு. சைட்ல கான்டாக்ட் ஃபார்ம் இருக்குல்ல, அதுல போட்டிருந்தாங்க. அக்கவுண்ட் என்னுதுல்ல, எனக்குத்தான் மெயில் வரும்."

"என்ன கேட்டாங்க?"

"டிசைன் ஃபோட்டோஸ் கேட்டாங்க. உள்ளேர்ந்து மொத்தமா டவுன்லோட் பண்ணி அனுப்பிச்சுட்டேன். ஃபுல் சைஸ்ல. சின்னதா இருந்தா நல்லாருக்காதுன்னு நீதானே சொன்ன?"

ஊசி துணிக்குள் நின்றது. நான் நிமிரவில்லை.

"நான் முடியாதுன்னு சொல்லிட்டு வந்தேங்க."

"அப்படியா? என்கிட்ட சொல்லலயே. சரி விடு, ஃபோட்டோதானே? காசெல்லாம் கேக்கல, ஃப்ரீயாத்தான் குடுத்தேன். நாளைக்கு நமக்கு ஒரு குட்வில்."

அவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அதை நான் எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். என்னுடையதை எடுத்துக் கொடுக்கும்போது என்னைக் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சண்டை போட்டால் அவர் காயப்பட்டுப் போவார், கடைசியில் நான்தான் சமாதானம் செய்ய வேண்டியிருக்கும். சண்டை போடவில்லை. அனுப்பியதை இனி யாராலும் திரும்ப வாங்கவும் முடியாது. ஊசியை எடுத்துத் துணியின் ஓரத்தில் குத்தி வைத்தேன்.

"அந்த சைட்ட இன்னொருத்தர் மெயிலுக்கு மாத்திவிடலாமா?"

"ஓனர்ஷிப் ட்ரான்ஸ்ஃபரா? பண்ணலாம், அதுலயே இருக்கு. பிளானோட சேத்தே மாத்தலாம். ஏன்?"

"இப்பவே என் மெயிலுக்கு மாத்திவிடுங்க."

"எதுக்கு? எல்லாம் நான்தானே பாத்துக்கிறேன்?"

"அதனாலதான்."

காபி டம்ளரைக் கீழே வைத்தார். அந்தப் பேச்சில் அப்போதுதான் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்ல" என்றேன்.

அவர் மடிக்கணினியைத் திறந்தார். என் ஃபோனுக்கு மெயில் வந்தது. இந்தத் தளத்தின் உரிமையை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டது. ஏற்றுக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் "நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லாமல் அறையை விட்டு எழுந்து போனது அன்றுதான்.